மைக்குக்கும் வாய்க்கும் நடுவே நான்கு விரல்

கைபேசியில் குரல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். ஹாலில் நின்று உங்கள் பெயர், ஊர், இன்றைய தேதி மூன்றையும் சொல்லுங்கள். அதையே குளியலறையில் ஒரு முறை சொல்லுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து, அதன் முன்னால் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள். மூன்று இடத்திலும் கைபேசி முகத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். பிறகு இயர்போனை மாட்டிக் கேட்டால், பேசியவர் ஒருவரா மூவரா என்று சந்தேகம் வரும். குளியலறையில் குரல் முழங்கும். ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறும். ஹாலில் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பீரோ முன்னால் பேசியது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலாகக் கேட்கும். மூன்றையும் பதிவு செய்தது ஒரே மைக்தான்.

கதை வாசிக்க, பாடம் நடத்த, யூடியூபுக்குப் பின்னணிக் குரல் கொடுக்க என்று வீட்டிலிருந்தே பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. ‘எக்கோ அடிக்குது சார்’ என்று யாராவது சொன்னதும் முதலில் மைக்மீதுதான் சந்தேகம் விழுகிறது. ஆயிரம் ரூபாய் மைக்கை ஒதுக்கிவிட்டு ஆறாயிரம் ரூபாய் மைக் வாங்குகிறார்கள். அது அதே எக்கோவை இன்னும் துல்லியமாகப் பதிந்து கொடுக்கிறது.

ஆகவே அந்த ஆயிரம் ரூபாய் மைக்கையே வைத்துக்கொள்வோம். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன காலர் மைக். போயா பிஒய்-எம்1 போன்றது, 6 மீட்டர் ஒயரோடு வருவது. இடம், வாடகை வீட்டில் 10 அடிக்கு 10 அடி படுக்கையறை. கூரையும் 10 அடி உயரம் என்று கொள்வோம். சிமெண்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பேசுகிறவர் முகம் காட்டப்போவதில்லை. குரல் மட்டும் போதும். இந்த அறையில் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்ப்போம்.

இந்தக் கணக்கைப் போடக் கற்றுத் தந்தவர் வாலஸ் கிளமெண்ட் சபின் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் புதிதாகத் திறந்திருந்தது. அங்கே பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பை இளம் ஆசிரியரான சபினிடம் கொடுத்தார்கள். அவர் ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தினார். நிறுத்திய பிறகும் ஐந்து வினாடிக்கு மேல் ஓசை அறையில் அலைந்துகொண்டிருந்தது. ஐந்து வினாடியில் ஒருவர் பத்துப் பன்னிரண்டு சொல் பேசிவிடுவார். அத்தனையும் ஒன்றோடொன்று கலந்தால் என்ன புரியும்? பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் ஆள் வைத்துத் தூக்கிவந்து, சிறிது சிறிதாக அறையில் பரப்பி, ஒவ்வொரு முறையும் நேரத்தை அளந்தார் சபின். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மெத்தை கூடக்கூட ஓசை அலையும் நேரம் குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு வினாடியை ஒட்டி வந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த சூத்திரத்தை வைத்துத்தான் 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கத்துக்கு அவர் ஆலோசனை சொன்னார். உலகின் நல்ல இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது.

சபின் வைத்த அளவுகோல் எளிது. திறந்த ஜன்னல்தான் அது. ஜன்னல் வழியே வெளியே போன ஓசை திரும்பி வராது. ஆகவே ஒரு மெத்தை எத்தனை சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமமாக ஓசையை விழுங்குகிறது என்று பார்த்தால் போதும். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் தங்கள்மேல் விழும் ஓசையில் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் விழுங்குகின்றன. மீதி முழுவதையும் திருப்பி அனுப்புகின்றன. நம் அறையில் நான்கு சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 600 சதுர அடி. அதில் மூன்று சதவீதம் 18. பேசுகிறவரும் அவர் உடுத்திய துணியும் ஒரு 5, 6 சதுர அடிக்குச் சமம். மொத்தம் 24 என்று வையுங்கள்.

அறையின் கொள்ளளவைக் கன அடியில் எடுத்து 0.049-ஆல் பெருக்கி, இந்தத் திறந்த ஜன்னல் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்க எடுக்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். நம் அறை 1000 கன அடி. ஆக 49-ஐ 24-ஆல் வகுக்கிறோம், இரண்டு வினாடி. மெத்தையும் துணியும் இல்லாத வெற்று அறைக்கு இது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. காலி செய்த வீட்டில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி மைக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி. உங்கள் வாயிலிருந்து நேராக மைக்குக்கு வரும் குரல் தூரம் கூடக்கூட வேகமாக இளைக்கும். தூரம் இரட்டித்தால் அதன் சக்தி கால்பங்காகிவிடும். சுவர்களில் மோதித் திரிகிற ஓசை அப்படியல்ல. அறையின் எந்த மூலையில் மைக்கை வைத்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆகவே வாயிலிருந்து விலகிக்கொண்டே போனால் நேர்க்குரலும் அறையின் ஓசையும் சரிசமமாகும் ஓர் இடம் வரும். நம் வெற்று அறையில் அந்த இடம் வாயிலிருந்து 21 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த ஒரு சாண்தான் விஷயமே. மேசைமேல் ஒரு முழம் தள்ளிக் கைபேசியை வைத்துப் பேசினால், நேர்க்குரலைவிட அறையின் ஓசை நாலைந்து மடங்கு அதிகமாகப் பதிவாகும். காலர் மைக்கை அதன் பெயருக்கேற்பச் சட்டையில் குத்தினால், அது வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். குரலும் அறையும் பாதிக்குப் பாதி. போதாததற்குத் தாடையின் மறைவில் இருப்பதால் ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கும். துணி உரசுகிற சத்தமும் சேரும். அதே மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அறையின் ஓசையைவிட நேர்க்குரல் ஏழெட்டு மடங்காகிவிடுகிறது. ஒரு பைசா செலவு இல்லை, சுவரில் ஒரு துணிகூடத் தொங்கவிடவில்லை.

சட்டையில் குத்தும் மைக்கைச் சட்டையில் குத்தக்கூடாது என்பது விசித்திரமாகப் படலாம். வீடியோவில் முகம் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அதை நெஞ்சில் குத்துகிறார்கள். குரல் மட்டும் வேண்டுமென்றால் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வகை மைக் எல்லாத் திசையிலிருந்தும் சமமாகக் கேட்கும். அதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் வாயருகே வைப்பதற்கு அதுவே வசதி. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளை நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால் அடிக்குரல் தேவைக்கு மேல் ஊதிப் பெருக்கும். வானொலி அறிவிப்பாளரின் கனத்த குரலில் ஒரு பங்கு இந்த விளைவுதான். எல்லாத் திசையும் கேட்கும் மைக்கில் அந்தத் தொல்லை கிடையாது.

மைக்கை உதட்டுக்கு நேர் எதிரே வைக்கவேண்டாம். வாயின் ஓரத்துக்கு நேராக, மூச்சு போகும் வழியிலிருந்து விலக்கி, பக்கவாட்டில் வையுங்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’ ஆங்கிலத்தில் உள்ளதுபோல் காற்றோடு வெடிப்பதில்லை என்பது நமக்கு ஒரு சலுகை. ஆனாலும் ‘அப்பப்பா’, ‘பப்பாளி’ என்று அழுத்திச் சொன்னால் மைக்கில் ‘டப்’ என்று அடிக்கும். பஞ்சு உறை கூடவே வரும்; அதைக் கழற்றாதீர்கள். மைக்கை நிறுத்திவைக்க ஸ்டாண்டு இல்லையென்றால், கனமான ஒரு சொம்பில் அரிசியைக் கொட்டி, நீளமான மர ஸ்கேல் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் கிளிப்பை மாட்டலாம். சொம்புக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று அவசியம். மேசையைத் தொடும் அதிர்வு மைக்குக்கு ஏறாமல் அது தடுக்கும். மேசைப் பலகையில் பட்டு எகிறி வரும் குரலையும் கொஞ்சம் அடக்கும்.

இப்போது அறைக்கு வருவோம். எதைத் தொங்கவிட்டால் ஓசை அடங்கும் என்பதில்தான் காசு அதிகம் வீணாகிறது. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கலைத்துவிடுமே தவிர, மனிதக் குரலின் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். தெர்மோகோலும் அப்படித்தான், அதன் உள்ளே இருக்கிற காற்றறைகள் மூடியவை. ஓசை என்பது காற்றின் அசைவு. அந்தக் காற்று ஒரு பொருளுக்குள் நுழைந்து, இழைகளோடு உரசி, சூடாகிக் கரையவேண்டும். ஆகவே எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று கொஞ்சம் தடைபட்டு, ஆனால் மறுபக்கம் வந்தால், அது ஓசையைக் குடிக்கும். தெர்மோகோலில் ஊதினால் காற்று போகவே போகாது. மெல்லிய நைலான் திரையில் ஊதினால் தடையே இல்லாமல் போய்விடும். இரண்டும் நமக்கு உதவாது. இலவம்பஞ்சு மெத்தை, ரஜாய், கனத்த கம்பளி, ரெக்சின் உறையைக் கழற்றிய ரப்பர் நார் மெத்தை எல்லாம் இந்தத் தேர்வில் தேறும்.

கனம் ஏன் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சுவரை ஒட்டி இருக்கும் காற்று அசைய இடமில்லாமல் நிற்கிறது. சுவரிலிருந்து விலகினால்தான் அது ஓடுகிறது. அலையின் நீளத்தில் கால்பங்கு தள்ளி அது மிக வேகமாக ஓடும். கீச்சென்ற ஓசைக்கு அந்தக் கால்பங்கு ஓரிரு அங்குலம்தான். ஆண்குரலின் அடிப்பகுதிக்கோ இரண்டடிக்கு மேல் போகும். ஒரு அங்குல ஸ்பாஞ்சைச் சுவரில் ஒட்டினால் அது மேல்பகுதியை மட்டும் தின்றுவிட்டு அடிப்பகுதியை விட்டுவிடும். அறை முழுக்க இப்படி ஒட்டிய பிறகு குரல் மந்தமாக, பெட்டிக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்கிறதே என்று வருந்துகிறவர்கள் பலர். அதே ஸ்பாஞ்சு, அதே ரஜாய், சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளித் தொங்கினால் இன்னும் ஆழமாக வேலை செய்யும். ஆகவே ஆணி அடிக்க முடியாத வாடகை வீடு ஒருவகையில் நல்லதுதான். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் நடுவே கொடி கட்டி ரஜாயைப் போடுகிறீர்கள். அது தானாகவே சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது.

நம் அறையில் கணக்கைப் போடுவோம். ஒற்றைக் கட்டில் மெத்தையைக் கழற்றி நிமிர்த்தி வைத்தால், அது 18 சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கொள்ளலாம். துணி நிறைந்த பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்தால் ஒரு 12. கொடியில் விரித்த இரண்டு ரஜாய்கள் ஆளுக்கு 17. முன்பிருந்த 24-உடன் இவற்றைக் கூட்டினால் 88. இப்போது 49-ஐ 88-ஆல் வகுத்தால் அரை வினாடியைச் சற்றே தாண்டும். இரண்டு வினாடியில் இருந்த அறை இங்கே வந்துவிட்டது. குரலும் அறையும் சமமாகிற இடம் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போகிறது. நான்கு விரல் தூரத்தில் இருக்கும் மைக்குக்கு நேர்க்குரல் இப்போது ஏறக்குறைய 30 மடங்கு. இந்த நிலையில் அறை இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்கள் பேச்சின் நடுப்பகுதிக்குப் பொருந்துபவை. அடிக்குரலுக்குத் துணியும் மெத்தையும் இவ்வளவு உதவா. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள நம் அறை இந்த விஷயத்தில் மிக மோசமான வடிவம். மூன்று திசையிலும் ஒரே ஸ்வரங்கள் மாட்டிக்கொள்ளும். அதில் ஒன்று 113 ஹெர்ட்ஸ் அருகே வரும்; பல ஆண்களின் பேச்சுக்குரல் நிற்கும் இடம் அதுதான். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த சுருதியில் தொடங்கி மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் அறையே கூடச் சேர்ந்து முனகும். அறையின் நட்டநடுவே உட்கார்ந்தால் இது அதிகமாகக் கேட்கும். மூலையில் இன்னும் அதிகம். ஒரு சுவரிலிருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளி, பக்கச் சுவர்களில் ஒன்றுக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

எல்லாவற்றையும் எங்கே வைப்பது? பேசுகிறவர் திறந்த பீரோவைப் பார்த்து, இரண்டு மூன்றடி தள்ளி உட்காரட்டும். முதுகுக்குப் பின்னால் ரஜாய் ஒன்று. ஒரு பக்கம் நிமிர்த்திய மெத்தை, மறுபக்கம் இன்னொரு ரஜாய். எதிரே மட்டும் கட்டிவிட்டு முதுகுப் பக்கத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்குப் பின்சுவரும் முன்சுவரும் ஒன்றுதான். ஒரு பக்கம் கேட்கும் மைக்காக இருந்தாலோ முதுகுப் பக்கம்தான் இன்னும் முக்கியம். அந்த மைக்கின் முகம் உங்களையும் உங்கள் பின்சுவரையும் பார்த்துத்தானே இருக்கிறது. காலடியில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கைதட்டுங்கள். ‘ட்ர்ர்ரிங்’ என்று ஒரு கம்பி அதிர்வது போன்ற ஓசை கேட்டால், எங்கோ இரண்டு வெற்றுச் சுவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ரஜாயை அங்கே நகர்த்தினால் நிற்கும். இரும்பு பீரோவின் கதவோ மேலே வைத்த தட்டுமுட்டுச் சாமானோ குரலுக்கு அதிர்ந்தால், இடையில் ஒரு துணியைச் செருகுங்கள்.

பதிவு பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்தே தீரவேண்டும். காலர் மைக் மாட்டியிருந்தும் கைபேசி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும் கூத்து அடிக்கடி நடக்கிறது. மைக்கின் பின்னைப் பாருங்கள். கைபேசிக்கானதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேமராவுக்கான பின்னில் இரண்டு. இரண்டு வளைய பின்னைக் கைபேசியில் செருகினால் அதற்கு மைக் வந்ததே தெரியாது. ஜாக் இல்லாத புதிய கைபேசிகளில் டைப்-சி கன்வெர்ட்டர் போடவேண்டும். விலை மலிந்த சில கன்வெர்ட்டர்கள் பாட்டை வெளியே விடும், மைக்கை உள்ளே விடாது. பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு கைபேசியின் அடிப்பாகத்தைச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்டால் எது விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சில மைக்குகளில் கேமராவா கைபேசியா என்று தேர்ந்தெடுக்கும் சின்ன சுவிட்ச் இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வலை போட்ட மலிவு கண்டென்சர் மைக்கை நேராகக் கைபேசியில் செருகி, ‘உஸ்’ என்ற இரைச்சலோடு மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. அந்த வகை பலவற்றுக்கு 48 வோல்ட் தேவை. கைபேசி கொடுப்பது ஓரிரு வோல்ட்தான்.

அடுத்தது நிசப்தம். ரஜாய் அறைக்குள் இருக்கிற எதிரொலியை அடக்கும். தெருவில் போகிற பஸ்ஸை அடக்காது. இரண்டும் வேறு வேலை. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியே இல்லாத கதவும் வேண்டும். துணிக்கு அந்தப் பலம் இல்லை. கதவடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணிப்பதும், ஜன்னலை இறுகச் சாத்துவதும்தான் வாடகை வீட்டில் செய்யக்கூடியவை. மீதியை நேரம் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். குக்கர் விசில், மாடித் தண்ணீர் மோட்டார், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் எப்போது ஓயும் என்பது அந்தந்தத் தெருக்காரருக்கே தெரியும்.

மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். அதன் காற்று மைக்கில் படுவது ஒருபக்கம். சுழலும் இறக்கைகளில் பட்டு வரும் குரல் நடுங்குவது இன்னொரு பக்கம். பழைய சோக் வைத்த டியூப்லைட்டிலிருந்து 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் வரும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுவதால், சோக் அதன் இரட்டிப்பில் அதிர்கிறது. லேப்டாப்பில் பதிவு செய்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டுங்கள். பாதிப் பேருடைய ‘ம்ம்’ சத்தம் அங்கேயே போய்விடும். கைபேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகு, மூச்சை மெல்ல விட்டபடி அசையாமல் 10 வினாடி பதிவு செய்யுங்கள். அடுத்து ஒரு பத்தி வாசியுங்கள். ஆடாசிட்டியில் மௌனப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து `Analyze` பட்டியலில் `Measure RMS` கொடுத்தால் ஓர் எண் வரும். பேச்சுப் பகுதிக்கு இன்னோர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒலிப்புத்தகங்களை வாங்கிக்கொள்ளும் ஏசிஎக்ஸ் என்ற அமெரிக்கத் தளம், பேச்சு மைனஸ் 23-லிருந்து மைனஸ் 18 டெசிபலுக்குள்ளும், மௌனம் மைனஸ் 60-க்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்கிறது. அதாவது இடைவெளி ஏறக்குறைய 40 டெசிபல் வேண்டும். உதாரணமாக, உங்கள் பேச்சு மைனஸ் 24, மௌனம் மைனஸ் 55 என்று வந்தால் வித்தியாசம் 31-தான். இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது: அடுத்த அறை ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு ஏசி, சில சமயம் சுவர்க் கடிகாரம். அதைத் தேடிப் பிடியுங்கள். இது மென்பொருளிடம் ஒப்படைக்கும் வேலை அல்ல.

பேசும்போது அளவுமானி உச்சத்தில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே தொட்டுத் தொட்டுப் போகவேண்டும். பூஜ்யத்தை முட்டினால் அந்த இடம் கிழிந்துவிடும்; அதை ஒட்டவைக்க முடியாது. கைபேசியின் குரல் பதிவுச் செயலியில் ‘ஆட்டோ கெயின்’, ‘நாய்ஸ் கேன்சல்’ போன்றவை இருந்தால் அணைத்துவிட்டு, WAV கோப்பாகப் பதியுங்கள். தானியங்கிக் கெயின் நீங்கள் மூச்சுவிடும் இடைவெளியிலெல்லாம் அறையின் சத்தத்தைத் தூக்கிக் காட்டும். அடுத்த சொல் வந்ததும் அமுக்கும். தொடர்ந்து கேட்கிறவருக்கு அது அலை அடிப்பதுபோல் எரிச்சலூட்டும்.

பதிவுக்குப் பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆடாசிட்டியில் `High-Pass Filter` 80 ஹெர்ட்ஸில் போட்டால் பஸ், மோட்டார் உறுமல் கழியும். பேச்சுக்குப் பெரிய நஷ்டமில்லை. `Noise Reduction`-ல் அந்த 10 வினாடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து `Get Noise Profile` கொடுங்கள். பிறகு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20, 24 என்று இழுத்தால் இரைச்சல் போகும். கூடவே குரலில் தண்ணீருக்குள் பேசுகிற ஒரு குளறல் ஏறும். இரைச்சலை நீக்குகிற இந்தக் கருவி எதிரொலியைத் தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எதிரொலி என்பது உங்கள் குரலேதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. குரலையும் அதன் நிழலையும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் கையில் இன்னும் ஓர் ஆயிரம் ரூபாய் இருந்தால் வேறு மைக் வாங்காதீர்கள். கனமான அடிப்பாகம் கொண்ட ஒரு ஸ்டாண்டும் மூன்றாவதாக ஒரு ரஜாயும் வாங்குங்கள். மைக் மாற்றும் யோசனையை மௌனத்துக்கும் பேச்சுக்குமான வித்தியாசம் 40 டெசிபலைத் தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.